கொக்கு இல்லாத பத்தி

மழை மாதங்களில் மரக்காணத்து உப்பளங்கள் வேலையற்றுக் கிடக்கும். பாத்திகளும் வரப்புகளும் ஒரே நீர்ப்பரப்பாகிவிடும். பிரம்மதேசத்திலிருந்து நான் வரும் பேருந்து அந்த நீரை ஒட்டித்தான் பள்ளிக்குப் போகும். வழிநெடுக மனத்துக்குள் ஒரு பதிகத்தைச் சொல்லிக்கொண்டு வருவது என் வழக்கம். இறங்கும் இடத்தில் கடைசிப் பாட்டு முடியும். பேருந்து தாமதமானாலும் பதிகம் தாமதமாகாது. அப்படிப்பட்ட மனப்பாடம் அது.

பணி நிறைவுக்கு முந்தைய ஆண்டின் மழைக்காலத்தில் ஒரு காலை, தலைமையாசிரியர் என்னை அறைக்குள் அழைத்தார். வயதில் எனக்கு மகனாகக்கூடியவர். மரியாதையும் கேலியும் ஒன்றாகப் பேசுவார்.

"தமிழம்மா, ஆசிரியர் பயிற்சி நிறுவனத்துலேருந்து செயலாராய்ச்சி முன்மொழிவு ஒண்ணு கேட்டிருக்காங்க. ஆறாவதுலேருந்து எட்டாவது வரைக்கும், வாசிப்புச் சரளம். நம்ம ஸ்கூல்ல தமிழ் நீங்கதான். நீங்கதான் எழுதணும்."

"எனக்கு இன்னும் ஒரு வருஷம் கூட இல்லையே சார். யாராவது சின்னவங்க எழுதட்டுமே."

"சின்னவங்க யாருங்கம்மா இருக்காங்க? கணக்கு சாரைத் தமிழ் எழுதச் சொன்னா நம்ம ஸ்கூல் பேரே போயிடும்."

ஒப்புக்கொண்டேன்.

செயலாராய்ச்சி என்பது, ஆசிரியர் தம் வகுப்பில் காணும் ஒரு குறையை எடுத்துக்கொண்டு, அதன் காரணங்களை ஆராய்ந்து, தாமே ஒரு மாற்றத்தைச் செய்து, பலன் கிடைத்ததா என அளந்து பார்ப்பது. அதைத் தொடங்குமுன் திட்டத்தை எழுதி ஒப்புதல் பெற வேண்டும். சிக்கல் என்ன, காரணங்கள் எவை, என்ன செய்தால் மாறும் என்ற கருதுகோள், யார் யார் மாணவர்கள், முன்தேர்வு, இடையீடு எனப்படும் அந்த மாற்றம், பின்தேர்வு, கால அட்டவணை: இவைதான் அதன் பகுதிகள். எழுத உட்கார்ந்த முதல் மாலையே எனக்கு அந்தாதி நினைவுக்கு வந்தது. ஒரு பாட்டின் கடைசிச் சொல்லை அடுத்த பாட்டு முதலில் ஏந்திக்கொள்ளும். நூறு பாட்டும் முடியும்போது கடைசிச் சொல் முதற்பாட்டின் முதற்சொல்லில் வந்து மாட்டும். இதுவும் அப்படியே. முன்தேர்வு காட்டுவதுதான் சிக்கல், சிக்கலிலிருந்து காரணம், காரணத்திலிருந்து கருதுகோள், கருதுகோளிலிருந்து இடையீடு, அது பலித்ததா என்று பார்க்க மறுபடியும் அதே தேர்வு. ஒரு கண்ணியை மாற்றினால் வளையம் முழுவதையும் மாற்ற வேண்டும். பாட்டில் அந்த வளையம் எனக்கு எப்போதும் இன்பம் தந்திருக்கிறது. உள்ளே அகப்படுவது வேறு என்பதை இதில்தான் அறிந்தேன்.

'மெல்ல வாசிக்கும் மாணவர்கள்' என்று தலைப்பிட்ட முதல் வரைவைப் பார்த்த தலைமையாசிரியர் பக்கங்களைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். "பதிகம் மாதிரி பத்துப் பகுதி வச்சிருக்கீங்க. நல்லா இருக்கு. டெஸ்ட்டுக்கு மட்டும் புதுசா எதையும் தேடாதீங்க. பாடப் புத்தகத்துலேருந்தே ஒரு பத்தி எடுத்துடுங்க, வேலை முடிஞ்சது."

எடுத்தேன். எட்டாம் வகுப்புப் பாடத்தில் ஏரிக்கரையைப் பற்றிய உரைநடை ஒன்று. நிமிடத்தில் எத்தனை சொற்களைச் சரியாக வாசிக்கிறார்கள் என்று எண்ணுவதற்கு அது சற்று நீளமாக இருந்தது. ஆகவே புதிதாகத் தட்டச்சு செய்தபோது நடுவிலிருந்து ஒரு வாக்கியத்தை நீக்கினேன். ஒற்றைக் காலில் நின்ற கொக்கைப் பற்றிய வாக்கியம். அது இல்லாமலும் பத்தி தடையின்றி ஓடியது.

எந்தத் தேர்வுக் கருவியையும் முதலில் ஓரிருவரிடம் முயன்று பார்க்க வேண்டும். சரளமாக வாசிப்பவர் ஒருவருக்கு எவ்வளவு நேரமாகிறது என்று தெரிந்துகொள்ள, எட்டாம் வகுப்பில் நன்றாக வாசிக்கும் மாணவியை நூலக அறைக்கு அழைத்தேன். காலை வணக்கக் கூட்டத்தில் செய்தித்தாள் தலைப்புகளை வாசிப்பவள் அவள்தான். பையன்கள் அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ. "ரேடியோவை ஆன் பண்ணுடா" என்று அவள் கூட்டத்தின் முன் வரும்போது முணுமுணுப்பார்கள். அவளும் முறைத்துவிட்டுத் தொடங்குவாள். குரல் கணீரென்று இருக்கும்.

தாளை எதிரில் வைத்து, கைப்பேசியின் நிறுத்துக் கடிகாரத்தை இயக்கினேன். என்னிடம் ஒரு பிரதி. தவறும் சொற்களில் கோடிட வேண்டும். அவள் தொடங்கினாள். ஒரு பிசிறில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். ஏரி வந்தது, கரை வந்தது. பிறகு, அந்தத் தாளில் இல்லாத கொக்கு வந்தது. ஒற்றைக் காலில், பாடப் புத்தகத்தில் இருந்தபடியே, ஒரு சொல்லும் குறையாமல் வந்து நின்றது.

என் பென்சில் அசையவில்லை. அவள் விரல் மட்டும் அடுத்த வரியின்மேல் போய்க்கொண்டிருந்தது. பத்தி முடிந்தது.

"கொக்கு எந்த வரியில் இருக்கிறது, காட்டு" என்றேன்.

அவள் தாளைப் பார்த்தாள். மேலிருந்து கீழே பார்த்தாள். விரல் ஒரு வரியில் நின்றது. நகர்ந்து வேறொரு வரியில் நின்றது. மின்விசிறி தாளின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. நான் அந்தத் தாளை எடுத்துவிட்டு, சந்தையில் குடையை மறந்துவிட்டு வந்த ஒருவரைப் பற்றிய நான்கு எளிய வாக்கியங்களை என் கையால் எழுதிக் கொடுத்தேன். அவள் கேட்டேயிராத வாக்கியங்கள். முதற்சொல்லை எழுத்தெழுத்தாகத் தொட்டாள். இரண்டாம் சொல்லில் ஒரு கொம்பைத் தவறவிட்டு, திரும்பி வந்தாள். மூன்றாம் சொல்லில் நின்றுவிட்டாள்.

"நியூஸ் பேப்பர் எப்படி?" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

"வர்ற வழியில பக்கத்து வீட்டுப் பொண்ணு படிச்சுக் காட்டும், டீச்சர். ரெண்டு தரம் கேட்டா வந்துடும்." பிறகு தலை நிமிராமலே சொன்னாள்: "என்னை அந்த லிஸ்ட்ல போட்டுடாதீங்க டீச்சர்."

"எந்த லிஸ்ட்?"

"மெதுவா படிக்கிறவங்க லிஸ்ட்டு. வீட்ல கையெழுத்து வாங்கணும்னு ஹெச்.எம். சார் சொன்னாரு. அம்மாவுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். குயிலாப்பாளையத்துல கெஸ்ட் ஹவுஸ்ல பெரியம்மா வேலை செய்யுது. எட்டு முடிஞ்சா அங்க வரச் சொல்லுது. நான் நல்லா படிக்கிறேன்னுதான் அம்மா ஒம்பதாவது சேர்க்கிறேன்னு சொல்லுது."

அவள் போன பிறகு வகுப்பு வாசிப்பை நினைத்துப் பார்த்தேன். நான் ஒரு வரி வாசிப்பேன். வகுப்பு திருப்பிச் சொல்லும். மறுபடி வாசிப்பேன், மறுபடி சொல்லும். பதிகம் கற்ற முறையே அது. அவள் அந்தக் குரல்களின் நடுவே நின்று, முந்தைய வரியின் கடைசிச் சொல்லைப் பற்றிக்கொண்டு அடுத்த வரிக்குத் தாவிக் கற்றிருக்கிறாள். மறுநாள் விடியலில் பூசை முடித்து, திருமுறைப் புத்தகத்தை விரித்து வைத்துப் பாடும்போது என் கண்களைக் கவனித்தேன். பக்கத்தின் முதல் வரியில் அவை நின்றுகொண்டிருந்தன. வாய் பக்கத்தின் இறுதிக்குப் போயிருந்தது. எத்தனையோ ஆண்டுகளாக அந்தப் புத்தகம் என் எதிரில் விரிந்திருக்கிறது. அதை நான் வாசித்துப் பல காலமாகிவிட்டது. ஆயினும் நான் வாசிக்கத் தெரிந்தவள், வேண்டும்போது வாசிப்பேன். அவளுக்கு அந்த 'வேண்டும்போது' இல்லை.

அந்த வாரத்தில் அவள் தாய் பள்ளிக்கருகே பேருந்து நிறுத்தத்தில் என்னைப் பார்த்துவிட்டார். உப்பளத்தில் கூலி வேலை; மழை மாதங்களில் கிடைத்த இடத்தில் களையெடுக்கப் போவார். தலையில் முக்காடுபோல் துண்டைப் போட்டுக்கொண்டு அருகில் வந்து நின்றார்.

"டீச்சர், நல்லா இருக்கீங்களா? எம் பொண்ணு எப்படிப் படிக்குது?"

"நல்ல குரல்" என்றேன்.

"குரலா? வீட்ல பாடப் புஸ்தகத்தை எடுத்தா நிறுத்தாம படிக்குது டீச்சர். எங்க அக்கா சொல்றா, படிச்சு என்னத்த கிழிக்கப் போறா, என்கூட அனுப்புன்னு. நான் சொல்லிட்டேன், போடி, ஒனக்கும் எனக்கும் எழுத்து தெரியல, அதனால பேசுற. எம் பொண்ணு படிக்கிறத நீ வந்து கேளு, அப்புறம் பேசுன்னு. கேட்டா. வாயே திறக்கல."

அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பேருந்து வந்தது. நான் ஏறிய பிறகும் அவர் கையை அசைத்துக்கொண்டிருந்தார். அன்று என் பதிகம் மூன்றாம் பாட்டிலேயே நின்றுவிட்டது.

எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். அவளைப் பட்டியலில் சேர்த்தால் ஒப்புதல் கடிதம் தாயிடம் போகும். ஒன்பதாம் வகுப்பு போய்விடும். சேர்க்காவிட்டால், வாசிக்கத் தெரியாமலே ஒன்பதாம் வகுப்புக்குப் போவாள். அங்கே புத்தகங்கள் தடிமன், படித்துக் காட்ட யாரும் இரார். பாடப் பத்தியையே தேர்வாக வைத்தால் அவள் மட்டுமல்ல, வகுப்பில் பாதிப்பேர் சரளமானவர்கள் ஆவார்கள்; என் சிக்கலே இல்லாமல் போகும். அறியாத பத்தியை வைத்தால் அவள் அம்பலமாவாள். தலைமையாசிரியரிடம் பெயர் சொல்லாமல் பொதுவாகக் கேட்டேன்.

"யாருன்னு சொல்லுங்கம்மா, அந்த ஒரு ஆளை விட்டுடலாம். நல்லாப் படிக்கிறவங்களை எடுக்க வேண்டாம், ரொம்ப மோசமானதையும் எடுக்க வேண்டாம். நடுவுல ஒரு எட்டுப் பேரு. சும்மா மேல ஏறிடும்."

"அப்படி ஏறினால் அது யாருக்கு உதவும் சார்?"

"ரிப்போர்ட்டுக்கு உதவும்" என்றார். உடனே தாமே வெட்கப்பட்டு, "சரி சரி, நீங்க பாருங்க" என்றார்.

வரைவுகளைப் பார்த்துத் திருத்தம் சொல்ல, அந்தப் பயிற்சி நிறுவனத்தில் ஒரு நாள் கூட்டினார்கள். என் வரைவைப் பார்த்தவர் இளவயது விரிவுரையாளர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பேசுபவர். காரணங்கள் பகுதியில் அவர் பேனா நின்றது.

"அம்மா, வறுமை, பெற்றோர் எழுத்தறிவின்மை, உப்பள வேலையால வருகைக் குறைவுன்னு எழுதியிருக்கீங்க. எல்லாம் உண்மைதான். இதுல உங்களால மாத்த முடியறது எது?"

"எதுவும் இல்லை."

"அப்ப இதுக்கு நீங்க எந்த இடையீட்டை வடிவமைப்பீங்க? வகுப்புல எப்படி வாசிக்க வைக்கிறீங்க, அதைச் சொல்லுங்க."

"நான் வாசிப்பேன். அவர்கள் திருப்பிச் சொல்வார்கள்."

அவர் காரணங்கள் என்ற தலைப்பைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் போட்டார். நான் கொக்கைப் பற்றிச் சொன்னேன். யாருடைய கொக்கு என்று சொல்லவில்லை. அவர் கண்ணாடியை இறக்கி அணிந்துகொண்டார்.

"இதுதாம்மா உங்க சிக்கல். சேர்ந்து சொல்றதுல பிள்ளைங்க காதால கத்துக்கிறாங்க, கண்ணுக்கு வேலையே இல்ல. சரளம்னா வேகம் மட்டும் இல்லையே. தப்பில்லாம படிக்கணும், பொருள் தெரிஞ்சு சொற்களைச் சேர்த்து நிறுத்தணும். பத்தி அவங்க பார்க்காததா இருக்கணும். முன்தேர்வுக்கு ஒண்ணு, பின்தேர்வுக்கு அதே கடினத்துல வேற ஒண்ணு. படிச்சு முடிச்சதும் ரெண்டு கேள்வி கேளுங்க."

"பட்டியலில் பெயர் வந்தால் ஒரு பிள்ளையின் படிப்பே நின்றுவிடும் என்றால்?"

"பட்டியல் எதுக்கு? வகுப்பு முழுக்க எடுத்துக்கலாமே. தேர்வைத் தனியா உக்கார வச்சு நடத்துங்க. அறிக்கையில பேர் வேண்டாம், குறியீட்டு எண் போதும். எந்த எண் யாருன்னு உங்ககிட்ட மட்டும் இருக்கட்டும். ஆனா சராசரியை மட்டும் எழுதிட்டு விடக் கூடாது, ஒவ்வொரு எண்ணும் எவ்வளவு மாறிச்சுன்னு எழுதணும். இல்லைன்னா கடைசியில இருக்கிற பிள்ளை சராசரிக்குள்ள காணாமப் போயிடும்." வரைவைத் திருப்பித் தந்துகொண்டே, "ஒப்புதல் மட்டும் கண்டிப்பா வேணும்மா" என்றார்.

ஆக, வளையத்தை முழுவதும் பிரித்துக் கட்டினேன். தலைப்பிலிருந்து 'மெல்ல வாசிக்கும்' என்ற அடைமொழி போயிற்று. காரணம் இரண்டே வரி: வகுப்பில் வாசிப்பு ஆசிரியரின் குரலைத் தொடர்ந்தே நிகழ்கிறது, மாணவர் தனித்து எழுத்தைப் பார்த்து வாசிக்கும் நேரம் குறைவு. கருதுகோள்: இணைகளாக அமர்ந்து, புதிய சிறு பத்தியை ஒருவருக்கொருவர் மீண்டும் மீண்டும் வாசித்துக் காட்டினால் சரளம் மேம்படும். இடையீடு தை மாதத்தில், அரையாண்டுத் தேர்வும் பொங்கல் விடுமுறையும் முடிந்த பின். முதல் பாடவேளையில் வேண்டாம் என்று எழுதினேன். உப்பளத்தில் வேலை தொடங்கிப் பெற்றோர் விடியுமுன் போய்விட்டால் வீட்டில் பெரிய பிள்ளைகள்தான் சிறியவர்களை எழுப்பி அனுப்பிவிட்டு வர வேண்டும். மதிய உணவுக்குப் பின் என்று குறித்தேன். தலைமையாசிரியர் மூன்றாவது முறையாகப் படித்துவிட்டு, "இது பழைய முன்மொழிவுக்குப் பொறந்த பிள்ளை மாதிரியே தெரியலையே" என்றார்.

ஒப்புதல் கடிதம் எஞ்சியது. எழுத்தறியாத வீடுகளுக்குப் போகும் கடிதம். பிள்ளைகளே வாசித்துக் காட்டுவார்கள். எளிய சொற்களாகத் தேர்ந்து, சிறு சிறு வாக்கியங்களாக எழுதினேன். எட்டாம் வகுப்பு முழுவதும் தினமும் புதிய பத்திகளை வாசிக்கும், வாசிப்பை ஆசிரியர் குறித்துக்கொள்வார், பெயரை யாரிடமும் சொல்லமாட்டார், விருப்பமில்லையென்றால் மறுக்கலாம்.

தாள்களைக் கொடுத்ததும் வகுப்பு ஒரே குரலில் கேட்டது: "தமிழம்மா, ஒரு தரம் படிச்சுக் காட்டுங்க!"

அதில் வியப்பில்லை. நான் வாசிக்காமல் அந்த வகுப்பில் எந்தத் தாளும் வீட்டுக்குப் போனதில்லை. பார்த்தேன். அவள் தாளைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை வாசித்தால் போதும். மாலையில் தாயின் எதிரில் அது கணீரென்று வரும், கையெழுத்து விழும், எல்லாம் பழையபடியே பத்திரமாக இருக்கும். வாசிக்காவிட்டால், தாயின் எதிரில் எழுத்தெழுத்தாக அவளை நானே நிறுத்தியவளாவேன். வாய்வரை வந்த முதற்சொல்லை விழுங்கினேன்.

"இன்று நான் வாசிக்கப்போவதில்லை. பக்கத்தில் இருப்பவருடன் சேர்ந்து வாசியுங்கள்."

"என்ன தமிழம்மா, தொண்டை கட்டிக்கிச்சா?" என்றான் கடைசி வரிசையிலிருந்து ஒருவன். சிரிப்பு. பிறகு மெல்ல இரைச்சல் எழுந்தது. பல குரல்கள், பல இடங்களில் தடுக்கி. அவள் பக்கத்து வீட்டுத் தோழியின் பக்கம் திரும்பினாள். தோழி வாசிக்கத் தொடங்கினாள். நான் அருகில் போய், "நீ கேள். அவள் வாசிக்கட்டும்" என்று தோழியிடம் சொன்னேன். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்த பார்வையில் வசை இருந்தது. மணி அடிக்கும்வரை இரண்டாம் வாக்கியத்தைக் கடந்திருக்கவில்லை.

மறுநாள் காலை பள்ளி வாயிலில் அவள் தாய் நின்றிருந்தார். கையில் கடிதம், நான்காய் மடித்தது. மகள் சற்றுத் தள்ளிச் சுவரோரமாக.

"டீச்சர், நேத்து இதைப் படிக்கச் சொன்னேன். திக்கித் திக்கிப் படிக்குது. ஒரு வரி படிக்கிறதுக்குள்ள சோறு பொங்கி வழிஞ்சிடுச்சு. காய்ச்சலான்னு தொட்டுப் பார்த்தேன், இல்ல. என்னன்னு கேட்டா அழுவுது. நீங்க சொல்லுங்க."

பொய் ஒன்று எளிதாக இருந்தது. கடிதத்தில் கடினமான சொற்கள் என்று சொல்லியிருக்கலாம். அவற்றை எளிதாக்கியவளே நான்தான்.

"இதை அவள் முன்பு கேட்டதில்லை" என்றேன். "நான் வாசித்துக் காட்டவில்லை."

அவர் என்னையே பார்த்தார். "அப்ப இத்தன நாளா புஸ்தகத்துல படிச்சது?"

"கேட்டுக் கேட்டு மனப்பாடம். வகுப்பில் நான் கற்றுக்கொடுத்த முறை அப்படி."

சாலையில் ஒரு லாரி போயிற்று. அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் சுவரிலிருந்து சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க அக்காகிட்ட என்னமா பேசினேன்" என்றார், யாரிடமும் அல்லாமல். பிறகு என்னிடம்: "இதுல சேர்ந்தா ஒம்பதாவதுக்குள்ள படிச்சிடுமா?"

ஆம் என்று சொல்ல நா துடித்தது. "படிக்கும் என்றுதான் எழுதியிருக்கிறேன். அது நடக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் இந்த ஆராய்ச்சி. உறுதி சொல்ல என்னால் முடியாது."

"உறுதி இல்லாததுக்கா கையெழுத்து கேக்குறீங்க?"

"ஆமாம்."

அவர் கடிதத்தைப் பிரித்தார். கீழே கையெழுத்து இருந்தது. மகளின் பள்ளிப் படிவங்களுக்காக அவர் கற்றுக்கொண்ட எழுத்துகள், ஒன்றையொன்று தொடாமல். "நேத்தே போட்டுட்டேன். திக்கினாலும் கடைசி வரைக்கும் படிச்சுது. எனக்குப் புரிஞ்சுது. நீங்க என்ன சொல்றீங்கன்னு கேக்கத்தான் வந்தேன்." மகளைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்: "ஏய், இங்க வா. தை பொறந்தா நான் இருட்டுலயே பாத்திக்குப் போயிடுவேன். சாயந்திரம் அடுப்புக்கிட்ட ஒக்காந்து எங்கிட்ட படிக்கணும். மனப்பாடம் இல்ல, தெரியாதது. எனக்குத் தெரியாதுன்னு ஏமாத்தலாம்னு பார்க்காத. திக்கினா அதுதான் நெசம்னு எனக்கு இப்ப தெரியும்."

அவள் தலையாட்டினாள். ஒன்பதாம் வகுப்பைப் பற்றித் தாய் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியோடு மூவரும் ஒரே வளையத்துக்குள் நின்றோம்.

தலைமையாசிரியர் அறைக்குப் போய், அனுப்பக் கட்டி வைத்திருந்த முன்மொழிவைக் கேட்டேன்.

"மறுபடியுமா தமிழம்மா? சாமி சத்தியமா இதுக்கு மேல என்னால படிக்க முடியாது."

"ஒரு வரிதான் சார். இடையீட்டில்: அன்று வாசித்த பத்தியை மாலையில் வீட்டில் ஒருவர் கேட்பார்."

"கேக்குறவங்களுக்குப் படிக்கத் தெரியணுமா?"

"வேண்டியதில்லை" என்று எழுதினேன். அட்டவணையையும் கருவிகளையும் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருந்தது. மாற்றினேன். முன்தேர்வுக்கு எண்கள் கொடுத்தபோது முதல் எண்ணை அவளுக்குக் கொடுக்கவில்லை, கடைசி எண்ணையும் கொடுக்கவில்லை. நடுவில் எங்கோ வைத்தேன். முன்தேர்வுக்கு வைக்க எண்ணியிருந்த, குடையை மறந்தவரின் கதையை அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டதால் அதைக் கிழித்துவிட்டு, அவளுக்காக இன்னொரு பத்தியை எழுதத் தொடங்கினேன்.